38 யூனிட்தான் கூடியது, பில் எப்படி இவ்வளவு ஏறியது?

கேள்வி: "போன தடவை 486 யூனிட், 1,717 ரூபாய் கட்டினோம். இந்த தடவை 524 யூனிட், மொத்தம் 2,854 கட்டச் சொல்கிறார்கள். மே மாதம் பத்து நாள் வீட்டிலேயே இல்லை. மதுரையில் வாடகை வீடு. வெள்ளை அட்டையையும் பில்லையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். ரீடிங் தப்பா, இல்லை ஏதாவது சேர்த்துப் போட்டிருக்கிறார்களா?"

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பல ஆண்டுகள் மின் கட்டண வருவாய்க் கணக்கில் வேலை பார்த்தவன். இதே கேள்வியோடு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்கள் ஏராளம். சுருக்கமாகச் சொன்னால், படத்தில் தெரிகிற வரை ரீடிங் சரி, யூனிட் கணக்கும் சரி. 1,717-க்கும் 2,854-க்கும் இடையே உள்ள 1,137 ரூபாயில் 525 ரூபாய் யூனிட் கூடி ஸ்லாப் மாறியதால் வந்தது. மீதி 612 ரூபாய் இந்த இரண்டு மாத மின்சாரத்துக்கான பணமே இல்லை, வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது மின் இணைப்பு எண்ணை மறைத்துவிடுங்கள். கணக்கைப் பார்க்க அந்த எண் தேவையில்லை. ரீடிங், தேதி, தொகை போதும்.

அட்டையில் கடைசி மூன்று வரிகளைப் படித்தேன். பிப்ரவரி 3-ஆம் தேதி 18,240, ஏப்ரல் 1-ஆம் தேதி 18,726, ஜூன் 6-ஆம் தேதி 19,250. கையெழுத்து கொஞ்சம் அவசரமாக இருப்பதால் 1-ஐ 7 என்று படித்துவிடக் கூடாதே என்று கழித்துச் சரிபார்த்தேன். 18,726-இல் 18,240 போனால் 486. 19,250-இல் 18,726 போனால் 524. இரண்டும் யூனிட் கட்டத்தில் எழுதியிருப்பதோடு பொருந்துகின்றன, பில்லில் அச்சான எண்ணோடும் பொருந்துகின்றன. போட்டோவில் ஒரு எண் சந்தேகமாக இருந்தால் கண்ணை நம்புவதைவிடக் கழித்தலை நம்புவது நல்லது.

அப்புறம், இப்போது உங்கள் மீட்டரில் ஓடுகிற எண்ணைப் பாருங்கள். திரையில் வோல்டேஜ், தேதி, நேரம், உச்சத் தேவை என்று ஒவ்வொன்றாக மாறி வரும். பக்கத்தில் kWh என்று காட்டுகிற எண்தான் வேண்டியது. அது 19,250-ஐவிடக் கூடுதலாக இருந்தால் ஜூன் 6 ரீடிங்கை நம்பலாம். குறைவாக இருந்தால் ஏதோ தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சில மீட்டர்கள் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கத்தையும் காட்டும். போட்டோவில் அந்தப் புள்ளி விழாமல் போனால் 19,250.4 என்பது 1,92,504 என்று தெரியும். ஒரு சிற்றூரில் ஒரு குடும்பம் இப்படிப் படித்துவிட்டு, மீட்டர் பைத்தியம் பிடித்து ஓடுகிறது என்று இரண்டு நாள் மெயினை அணைத்து வைத்திருந்தது.

இனி பணம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் பில்லுக்குப் பொருந்துவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம். நுகர்வு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. உங்கள் பழைய பில்லை இதில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது நூறுக்கு 235, அடுத்த இருநூறுக்கு 940, மீதி 86 யூனிட்டுக்கு 541.80. கூட்டினால் 1,716.80, ரூபாய்க் கணக்கில் 1,717. நீங்கள் கட்டியது அதே தொகை.

500-ஐத் தாண்டிவிட்டால் பட்டியலே மாறுகிறது. பலர் நினைப்பதுபோல 501-ஆவது யூனிட்டிலிருந்து மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 200 வரை இருந்த 2.35 என்கிற சலுகை விலை போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, அதற்கு மேல் இன்னும் ஏறும். உங்கள் 524 யூனிட்டுக்கு முதல் நூறு போக அடுத்த முந்நூறுக்கு 1,410, அடுத்த நூறுக்கு 630, கடைசி 24 யூனிட்டுக்கு 201.60. மொத்தம் 2,241.60. உங்கள் பில்லில் மின் கட்டணம் என்ற இடத்தில் 2,242 என்று இருக்கிறது. ஒரு ரூபாய் பிசகில்லாமல் பொருந்துகிறது.

இதில் வலிக்கிற இடம் 500-க்கும் 501-க்கும் நடுவில் இருக்கிறது. சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. அதில் 8.40 மட்டுமே அந்த யூனிட்டுக்கான விலை. மீதி 235 ரூபாய், முன்பு சலுகையில் கிடைத்த இரண்டாவது நூறுக்கு இப்போது முழு விலை போட்டதால் வருவது. நீங்கள் 500-க்கு மேல் ஓட்டிய 24 யூனிட்டுக்கும் சேர்த்து 436 ரூபாய் 60 காசு கூடியிருக்கிறது. யூனிட்டுக்கு 18 ரூபாய்க்கு மேல். 600, 800 என்ற மற்ற எல்லைகளைத் தாண்டும்போது அதற்கு மேல் ஓடும் யூனிட்டுக்குத்தான் விலை கூடும், பின்னால் போன யூனிட்டுகளைத் தொடாது. 500 மட்டும்தான் பின்னோக்கியும் கடிக்கிற எல்லை. நடுத்தர வீடு ஒன்று வெயில் காலத்தில் ஒரு ஏசி ஓட்டினால் சரியாக இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். இந்த அமைப்பு நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் கணக்குப்படி உங்கள் பில்லில் தவறு இல்லை.

பில்லில் இன்னொரு எண்ணைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். மேலே கட்டணம் 2,242-ஐவிடப் பெரிய தொகையாகக் காட்டி, கீழே அரசு மானியம் என்று ஒரு தொகையைக் கழித்திருப்பார்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணம் மேலே வரும். இலவச 100 யூனிட்டுக்கான பணத்தையும், வேறு சில சிறு குறைப்புகளையும் அரசு ஏற்றுக்கொள்வதால் அது கழிகிறது. மேலே உள்ள எண்ணை வைத்து அதிகம் போட்டுவிட்டார்கள் என்று முடிவுக்கு வர வேண்டாம். மானியம் கழித்த பிறகு நிற்கும் தொகையைத்தான் நாம் சரிபார்க்க வேண்டும்.

சரி, பத்து நாள் ஊரில் இல்லாமல் எப்படி 38 யூனிட் கூடும்? இதற்கும் பதில் அட்டையிலேயே இருக்கிறது, ஆனால் யூனிட் கட்டத்தில் இல்லை. தேதிக் கட்டத்தைப் பாருங்கள். பிப்ரவரி 3 முதல் ஏப்ரல் 1 வரை 57 நாள். ஏப்ரல் 1 முதல் ஜூன் 6 வரை 66 நாள். போன முறை 57 நாளில் 486 யூனிட், அதாவது நாளுக்கு எட்டரை. இந்த முறை 66 நாளில் 524 யூனிட், நாளுக்கு எட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே நீங்கள் நினைத்தது சரிதான், நாள் கணக்கில் இந்த முறை குறைவாகத்தான் செலவழித்திருக்கிறீர்கள். ஒன்பது நாள் கூடுதலாக ஒரே பில்லுக்குள் வந்துவிட்டதால் மொத்தம் 500-ஐத் தாண்டியது. ரீடிங் 60-ஆவது நாளில் எடுத்திருந்தால் இதே வேகத்தில் 476 யூனிட் வந்திருக்கும், பில் 1,654 ரூபாய்க்குள் நின்றிருக்கும்.

இதை வைத்து 2,242-க்கும் 1,654-க்கும் இடையே உள்ள 588 ரூபாயை உங்களிடம் அநியாயமாக வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்த ஆறு நாளில் ஓடிய 48 யூனிட் எப்படியும் உங்கள் வீட்டில் ஓடியதுதான். இந்த பில்லில் வராவிட்டால் அடுத்த பில்லில் வரும். உண்மையில் நீங்கள் கேட்கக்கூடியது ஸ்லாப் இழப்பை மட்டும்தான். அதாவது 235 ரூபாயும், 500-க்கு மேலான 24 யூனிட்டுக்கு 8.40 போட்டதும். தாமதமான நாட்களுக்கு ஏற்ப ஸ்லாப் எல்லையை நீட்டிக் கணக்கிட்டிருந்தால், 66 நாளுக்கு எல்லை 550 ஆகியிருக்கும், நீங்கள் உள்ளேயே நின்றிருப்பீர்கள். உங்கள் பில்லில் அப்படி நீட்டவில்லை என்பது 2,242 என்ற தொகையிலேயே தெரிகிறது, ஏனென்றால் அது சாதாரண எல்லைகளோடுதான் பொருந்துகிறது.

பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். "ரீடிங் தவறு" என்று எழுதினால் மீட்டரைச் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். "ரீடிங் 66 நாளில் எடுக்கப்பட்டதால் 500 எல்லை தாண்டியது, இரு தேதிகளும் அட்டையில் உள்ளன" என்று எழுதுங்கள், அட்டைப் படத்தை இணையுங்கள். மின்னகம் எண் 94987 94987-இல் பதிந்தால் புகார் எண் கிடைக்கும், பின்னால் உதவும். அங்கே தீராவிட்டால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறை தீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். கட்டாயம் திருத்தித் தருவார்கள் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். புகார் நடக்கும்போது பில்லைக் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். இணைப்பைத் துண்டித்தால் மறு இணைப்புக் கட்டணமும் சேரும்.

உங்கள் விஷயத்தில் நடக்காவிட்டாலும் இதையொட்டி இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பெரிதாகப் போவது அங்கேதான். கணக்கெடுக்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்தால் ரீடிங் இல்லாமல் முந்தைய தொகையையே போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த முறை ரீடிங் எடுக்கும்போது நான்கு மாத நுகர்வு ஒரே எண்ணாக வரும். 900 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாகப் பிரித்து 450, 450 என்று போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1,490, மொத்தம் 2,980 ரூபாய். பிரிக்காமல் ஒரே கணக்காகப் போட்டால் 5,820. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே பூட்டிய வீட்டுக்கு அடுத்து வருகிற பில்லில் இலவச 100 யூனிட் இரண்டு முறை கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2020 ஊரடங்கில் மாநிலம் முழுவதும் இதுதான் நடந்தது. ரீடிங் எடுக்க முடியாததால் முந்தைய கணக்குப்படி பணம் வாங்கினார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து ஸ்லாப் போட்டார்கள், ஆனால் ஏற்கெனவே கட்டியதை யூனிட்டாகக் கழிக்காமல் ரூபாயாகக் கழித்தார்கள். யூனிட்டாகக் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஜூலையில் நீதிமன்றம் வாரியத்தின் முறையை ஏற்றுக்கொண்டது. எனவே ரூபாயாகக் கழித்திருப்பதை வைத்து மட்டும் தவறு என்று வாதிட முடியாது. இரண்டாகப் பிரிக்காமல் விட்டிருந்தால் வாதிடலாம்.

இனி அந்த 612 ரூபாய். பில்லின் கீழ்ப் பகுதி உங்கள் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. "இதர" என்று தொடங்குகிற வரியில் பாதி மட்டும் தெரிகிறது. அதனால் அது என்ன என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டு மாத மின்சாரத்துக்கான பணம் இல்லை என்பது மட்டும் உறுதி, 2,242-லேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு சாத்தியங்கள்தான் எனக்குத் தோன்றுகின்றன.

ஒன்று பழைய பாக்கி. முந்தைய ஏதாவது ஒரு தவணை தாமதமாகக் கட்டியதற்கான கூடுதல் தொகையோ, தணிக்கையில் குறைவாக வசூலித்ததாகக் கண்டுபிடித்த தொகையோ இருக்கலாம். அப்படியானால் எந்தக் காலத்துக்கு, எந்தக் கணக்கில் என்று விவரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் குடியேறுவதற்கு முந்தைய காலத்தையது என்றால் வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டிய விஷயம்.

இன்னொன்று கூடுதல் வைப்புத்தொகை. வாரியத்திடம் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டெபாசிட் இருக்கும். நுகர்வு ஏறிக்கொண்டே போனால் அந்த டெபாசிட் போதாது என்று மறு கணக்குப் போட்டு, குறையை பில்லில் சேர்ப்பார்கள். இரண்டு மாத பில்லுக்குக் கணக்கு முறை, கடந்த பன்னிரண்டு மாதத்தின் மாதச் சராசரியைப் போல மூன்று மடங்கு டெபாசிட் இருக்க வேண்டும் என்பது. நிதியாண்டு தொடக்கத்தை ஒட்டி இந்தக் கணக்கைப் பார்ப்பதால் கோடையில் வருகிற பில்லில் இது தலைகாட்டும். நீங்களே சோதித்துவிடலாம். அட்டையில் கடைசி ஆறு பில்களைக் கூட்டி 12-ஆல் வகுங்கள், மூன்றால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு ஆறும் சேர்ந்து 9,600 என்றால் மாதத்துக்கு 800, மூன்று மடங்கு 2,400. கணக்கில் ஏற்கெனவே 1,788 டெபாசிட் இருந்தால் குறை 612. இருக்கிற டெபாசிட் எவ்வளவு என்பதை பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் எண்கள் இப்படிப் பொருந்தி வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

டெபாசிட் என்றால் அது செலவு இல்லை. இணைப்பின் பெயரில் சேமிப்பாக நிற்கும், ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிட்டு பில்லில் கழிப்பார்கள். ஆனால் வாடகை வீட்டில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த டெபாசிட் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். நீங்கள் கட்டுகிற 612 ரூபாய் வீட்டு உரிமையாளரின் கணக்கில் போய்ச் சேரும், நீங்கள் காலி செய்யும்போது வாரியம் உங்களிடம் தராது. வட்டியும் பிறகு குடிவருகிறவரின் பில்லில்தான் கழியும். ஆகவே அது டெபாசிட்தான் என்று உறுதியானால், இப்போதே உரிமையாளரிடம் ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது காலி செய்யும்போது அட்வான்ஸோடு சேர்த்துத் தருவதாக எழுதி வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் மின் கட்டணம் என்றே நினைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

பில்லின் கீழ்ப் பகுதியை மட்டும் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளுக்கு நேர் மேலிருந்து எடுத்துப் போடுங்கள். இணைப்பு எண்ணையும் பெயரையும் மறைத்துவிடுங்கள். அந்த ஒரு வரி தெரிந்தால் போதும். இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜூன் 6-லிருந்து 60-ஆவது நாள் ஆகஸ்ட் 5. அன்று காலை kWh எண் திரையில் வரும்வரை காத்திருந்து, மீட்டரின் வரிசை எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். எண் 19,750-ஐத் தாண்டாமல் இருந்தும், ரீடிங் எடுக்க அதற்குப் பல நாள் கழித்து வந்து பில் 500-க்கு மேல் போனால், அந்தப் படத்தையும் வெள்ளை அட்டையையும் சேர்த்து மனுவோடு கொடுங்கள்.